தம்பியின் ரிப்போர்ட்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் என் இன்சுலின் பாட்டிலுக்கு இடம் உண்டு, பெண் பார்க்க யாரும் வராத நாட்களில். யாராவது வருகிறார்கள் என்றால் காலையிலேயே அம்மா அதை ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். பாட்டிலோடு நானும் கீழே போய்விட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி, கையில் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்திலும் இதுதான் நடந்தது. பார்க்க வருகிறவர்கள் தங்கையைப் பார்க்க வருகிறார்கள். என்னைப் பார்த்துவிட்டால் காரியம் கெட்டுவிடுமாம்.

இதை எழுதும்போதுகூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அம்மாமேல் மட்டும் என்றால் எவ்வளவோ நிம்மதி. என்மேலும்தான்.

எனக்குச் சர்க்கரை வந்தது தொண்ணூற்றொன்றில், பதிமூன்று வயதில். அப்போது பெங்களூர் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தோம். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அப்பா, நாங்கள் பெங்களூருக்கு வந்த இரண்டாவது வருஷமே இறந்துவிட்டார். அம்மா கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்து மூன்று பேரை வளர்த்தாள். நான், நான்கு வயது இளையவளான தங்கை, அவளுக்கு அடுத்துத் தம்பி. அந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க நான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். பாவாடை நாடாவை இழுத்து இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. வாந்தி எடுத்தேன். டைபாய்டு என்று சொல்லி ஒரு டாக்டர் குளுகோஸ் டிரிப் ஏற்றினார். சர்க்கரையால் செத்துக்கொண்டிருந்தவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்! அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் முகத்துக்கு அருகில் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "வாயில பழ வாசனை அடிக்குது, யூரின் பாருங்க" என்று கத்தியதால் பிழைத்தேன். அழுகத் தொடங்கின பழத்தின் வாசனை அது. அதில் கொஞ்சம் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் நெடியும் சேர்ந்திருக்கும். ஒருமுறை மோந்தவர்களுக்கு மறக்காது.

அன்றிலிருந்து தினமும் ஊசி. பழகிவிட்டது. பழகாதது மனுஷர்கள்தான். "அய்யோ, பொட்டப் புள்ளைக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒருவர்கூட "உனக்கு வலிக்குதா?" என்று கேட்டதில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் எல்லாம் தெரிந்தே என்னைக் கட்டிக்கொண்டார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னது: "உனக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?" வாழ்த்து அவ்வளவுதான்.

நான் வழக்கமாகப் போகும் சர்க்கரை கிளினிக் கன்டோன்மென்ட் பக்கம், காக்ஸ் டவுனுக்குப் போகும் வழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் டாக்டர் என் கார்டைப் புரட்டிவிட்டு, "உனக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். என்னைப் போல டைப் ஒன் சர்க்கரை உள்ளவர்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கிறார்களாம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வராது, ஆனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம் என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே ரத்தம் எடுக்கும் சிஸ்டர்தான் விளக்கினார். அவர் தங்கவயல்காரர், அங்கே சுரங்கக் குடியிருப்பில் எங்களுக்குப் பக்கத்து லைன் வீடு.

"உன் உடம்பே உன் கணையத்துல இன்சுலின் செய்யிற செல்லைத் தின்னுடுச்சு, தெரியும் இல்ல? அது ஒரே நாள்ல நடக்கல. வருஷக்கணக்கா நடந்திருக்கும். அப்போ சர்க்கரை பார்த்திருந்தா நார்மல்தான் வந்திருக்கும். ஆனா ரத்தத்துல ஆன்டிபாடி இருந்திருக்கும். எலி அரிசி மூட்டையைக் காலி பண்றதுக்கு முன்னாடியே மூலையில புழுக்கை போட்டு வெச்சிருக்கும் பாரு, அது மாதிரி. நாங்க புழுக்கையைத் தேடறோம்."

"கண்டுபிடிச்சா நிறுத்திடலாமா சிஸ்டர்?"

"அதுக்கு மருந்து கெடையாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா வர்றது தெரிஞ்சா உன்னை மாதிரி வாந்தி எடுத்துகினு சாவுற நெலமையில வந்து சேர மாட்டாங்க இல்ல? அது போதாதா?"

போதும். எனக்கு அது போதும். அந்த டிரிப் ஸ்டாண்டின் கீழே நான் கிடந்த கிடை என் தங்கைக்கும் தம்பிக்கும் வரக் கூடாது. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆயிற்று. "இல்லாததை நீயே கூப்பிட்டு உள்ள உக்கார வெப்பியா?" என்றாள். கடைசியில் சம்மதித்தது என் பேச்சால் அல்ல. தரகர் ஒரு வரன் கொண்டுவந்திருந்தார், தொம்மலூர்க்காரர்கள். அவர்கள் எப்படியோ என் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "சின்னதுக்கும் இருக்குமா?" என்று கேட்டுவிட்டார்கள். டிபன் பாக்ஸில் ஒளித்து வைத்ததெல்லாம் தண்டம்! உடனே அம்மாவுக்கு ரிப்போர்ட் தேவைப்பட்டது.

என் மகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தங்கையும் தம்பியும் வெறும் வயிற்றோடு வந்தார்கள். மூன்று நாளாகச் சோறு வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும், பட்டினி கிடந்தால் கணக்குத் தப்பாகிவிடும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் பெரிய மனுஷன், பட்டறையில் இரும்பு தூக்குகிற தம்பி, ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து சரிந்தான். தங்கை அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். பிறகு அவனும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். ரத்தத்தைக் குழாயில் உறைய விட்டு, மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்துப் பனிக்கட்டியாக்கி, வெளியூர் லேபுக்கு ஐஸில் அனுப்புவார்களாம். ஆன்டிபாடி அங்கேதான் பார்ப்பார்கள். சர்க்கரையை இங்கேயே பார்த்துவிடுவார்கள். எழுபத்தைந்து கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"சீ, தூ! பாயசத்துல பாயசத்தைக் கரைச்ச மாதிரி இருக்குது. அக்கா, உன்னை ஏன் இதைச் சாப்பிட வேணாம்னு சொல்றாங்கன்னு இப்ப தெரியுது" என்றாள். இரண்டு மணி நேரம் நடக்கக் கூடாது என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் குழந்தை அவள் மடியில் தூங்கியது. இரண்டாவது முறையும் ரத்தம் கொடுத்துவிட்டு சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கு அப்போது இருபது வயது. பி.காம். கடைசி வருஷம்.

இங்கேதான் அந்த கிளினிக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களுக்குத் தனிக் கார்டு போட மாட்டார்கள். நோயாளியின் கார்டு எண்ணையே போட்டு, பக்கத்தில் ஏ, பி என்று எழுதுவார்கள். என் எண்ணுக்குப் பக்கத்தில் ஏ என்றால் தம்பி. பி என்றால் தங்கை. வெளியூர் லேபுக்குப் பெயர் போகக் கூடாது என்பதற்காக அப்படி. ரிப்போர்ட் தாளிலும் பெயர் இருக்காது. எண், எழுத்து, 'உடன்பிறப்பு' என்று ஒரு சொல், பிறகு பரிசோதனையின் பெயரும் விடையும். ஆணா பெண்ணா என்றுகூட இருக்காது.

ஆறு வாரம் கழித்து நான் போய் வாங்கினேன். என் கார்டு என்பதால் என்னிடம்தான் கொடுத்தார்கள். ஏ தாளில் எல்லாம் நெகட்டிவ். பி தாளில் இரண்டு ஆன்டிபாடியும் பாசிட்டிவ். குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை நூற்றைம்பத்தெட்டு. நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் நோய்னு சொல்ற அளவுக்கு இல்ல. இன்சுலின் இப்ப வேண்டாம். ஆனா ரெண்டு ஆன்டிபாடி இருந்து, சர்க்கரையும் ஏற ஆரம்பிச்சிருக்குன்னா, வரும். மாசமா வருஷமான்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கணும். தாகம், அடிக்கடி யூரின், மெலிவு, வாந்தி, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வரணும். இதை நான் உங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வா."

"பரீட்சை நடக்குது சார். அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். பரீட்சை உண்மைதான். அடுத்த வாரம்தான் பொய்யாகிவிட்டது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு தாளையும் கட்டில்மேல் விரித்து, "இதுல எது நல்லது?" என்று கேட்டாள். காட்டினேன். பி தாளை நாலாக மடித்து பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஏ தாளைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அவ கிட்டச் சொல்லாத."

"அம்மா, அவ உசுரும்மா. தெரியாம இருந்தா நான் கெடந்த மாதிரி கெடப்பா."

"கல்யாணம் ஆவட்டும். ஆன மறுநாள் நீயே சொல்லு. நான் வேணாம்னு சொல்லல. இப்ப சொன்னா எவன் கட்டுவான்? உனக்கு அகப்பட்டான் ஒருத்தன், இவளுக்கும் அகப்படுவான்னு இன்னா நிச்சயம்? கெய்வி ஆவுற வரைக்கும் காலர் தெச்சுகினு கெடக்கட்டுமா?"

அம்மா அழுதாள். அம்மா அழுதால் நான் கரைந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் தங்கை பரீட்சை முடித்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "அக்கா, எனக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் சொன்னேன்: "ஒண்ணும் இல்லடி. ரெண்டு பேருக்கும் நார்மல்." "அப்பாடா!" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

தொம்மலூர்க்காரர்கள் வந்த அன்று நான் கீழ் வீட்டுக்குப் போகத் தேவைப்படவில்லை. எல்லாம் தெரிந்தாயிற்றே. நடுக்கூடத்தில் என்னையே உட்கார வைத்தாள் அம்மா, சாட்சிக்கு. மாப்பிள்ளையின் அம்மா சரளமாகக் கன்னடம் கலந்து பேசுகிறவர். தட்டிலிருந்த மைசூர்பாகை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பெரியவங்க தினமும் ஊசி போடறாங்களாமே, சின்னவங்களுக்கும் அது இருந்துட்டா நாளைக்கு எங்க புள்ளைதானே கஷ்டப்படணும், ஹௌதா இல்லையா?"

"நீங்க கேக்கறதுல தப்பே இல்லம்மா. டாக்டரே டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்திருக்காரு" என்று சொல்லி அம்மா தாளை நீட்டினாள். ஏ தாளை. தம்பியின் தாளை.

அந்தத் தாள் எதற்கு என்று முந்தின நாள்வரை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா புருஷன் ஏதோ ஆபீஸில் வேலை பார்ப்பவர். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல ஒரு பெண்ணின் ரத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தார், வாயில் மைசூர்பாகு. "பேர் போடலையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க. இது இவங்களோடதுதானே?"

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பி வாசலில் நின்று தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும்.

"ஆமா" என்றேன்.

அவர் தாளை எடுத்துப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தூ! அவரைச் சொல்கிறேனா, என்னைச் சொல்கிறேனா, தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் இரண்டு முறை, "என் மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணும், விரலைக் குடு" என்று சொல்லி அவள் விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்று நாலு. அடுத்த முறை நூற்றுப் பதினெட்டு. "பார்த்தியா, உன் மெஷினுக்கு என்னைப் பிடிச்சிருக்குது" என்று சிரித்தாள். கல்யாணமான மறுநாள் சொல்ல வேண்டும். மறுநாள் விருந்து. மறுவாரம் மறுவீடு. பிறகு ஆடி மாதம், பிறகு என் குழந்தைக்குக் காய்ச்சல். எல்லாம் காரணங்கள்தான், ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொன்றாக அடுக்கி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது மெலிந்திருந்தாள். முகம் நீண்டு, கழுத்து எலும்பு தெரிந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். "அய்யே, எவ்ளோ அயகா ஆயிட்டா பாரு!" சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "அங்க சமையல்ல காரம் ஜாஸ்திக்கா" என்றாள். நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்று அம்மாவை அடுப்படியில் மடக்கி, "இன்னிக்குச் சொல்லப் போறேன்" என்றேன். "மாப்பிள்ளை வந்திருக்கும்போதா? நாளைக்குச் சொல்லு" என்றாள். மறுநாள் காலையிலேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் பல்.

"நாள் தள்ளிப் போயிருக்குதாம். மூணு நாளா ஒரே வாந்தியாம். கெளம்பு, கெளம்பு!"

"வாந்தியா?"

"மசக்கைக்கு வாந்தி வராம இன்னாடி வரும்?"

பையில் மெஷினைப் போட்டுக்கொண்டேன். ஆட்டோவில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள்.

தொம்மலூரில் அந்தச் சின்ன வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்திலிருந்து சர்க்கரையை எடுத்து, "நல்ல சேதி, வாயைத் தொற" என்று அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாக்கு காய்ந்து வெள்ளையாக இருந்தது. சர்க்கரை கரையாமல் உதட்டோரம் ஒட்டியிருந்தது. தாகத்துக்குத் திராட்சை ஜூஸ் வேறு, பெரிய டம்ளரில்.

அம்மாவும் ஒரு சிட்டிகை எடுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டுத் தங்கையின் முகத்தருகே குனிந்தேன்.

அந்த வாசனை. பதிமூன்று வயதில் என் வாயிலிருந்து வந்த அதே வாசனை.

விரலைக் குத்தினேன். மெஷின் எண்ணைக் காட்டவில்லை. 'ஹெச்ஐ' என்று இரண்டு எழுத்து. அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டால் அப்படித்தான் காட்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. இது மசக்கை இல்ல, சர்க்கரை" என்றேன்.

மாமியார் சிரித்தார். "கையில சர்க்கரை ஒட்டியிருக்கும்மா. நாங்கதானே போட்டுகிட்டே இருக்கோம்." அது நியாயம்தான். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் மெஷின் ஏமாந்துபோகும். சோப்புப் போட்டு அவள் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் அதே இரண்டு எழுத்து.

"உங்க மெஷின் கெட்டுப் போயிருக்கும். அவங்களுக்குத்தான் டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லன்னு வந்துச்சே" என்றார் அந்த அக்கா புருஷன். பீரோவைத் திறந்து ஜெராக்ஸை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். "இதோ. நெகட்டிவ், நெகட்டிவ். நாளைக்கு லேடி டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்கு. புள்ளத்தாச்சியை இப்பப் போய் அலைக்கழிச்சு, டிரிப்பு ஏத்தி, ஏதாவது ஆச்சுன்னா?"

நாளைக்கு. எங்கள் குடும்பத்துக்குப் பிடித்த சொல்.

"அது அவளுது இல்ல" என்றேன்.

"எது?"

"அந்தத் தாள். அது எங்க தம்பியோடது. அவளோடதுல ரெண்டும் பாசிட்டிவ். எங்கம்மா பீரோவுல இருக்குது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அப்போது என் அம்மா, என்னைப் பெற்றவள், தங்கையையும் பெற்றவள், முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்து சொன்னாள்:

"நம்பாதீங்க. இவளுக்கு வயித்தெரிச்சல். தங்கச்சி நல்லா வாயறது இவளுக்குப் பொறுக்கல."

நான் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு எதுவும் ஈடாகாது. அவளை அடித்துவிடுவேனோ என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

தங்கையின் புருஷன் அதுவரை வாயே திறக்காதவர். அவர் என் அம்மாவைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "சத்தியமா?" என்றார். "என் புள்ளை மேல சத்தியம்" என்றேன். அவ்வளவுதான். தங்கையை அப்படியே தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். அவருடைய அம்மா என்னவோ கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கர்ப்பம் இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. இன்சுலின் இல்லாமல் போனால் சேரும் கீட்டோன் அமிலம் யூரினில் நிறைய இருந்தது. சலைன் ஏற்றினார்கள், இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள், பொட்டாசியத்தை மணிக்கு மணி பார்த்தார்கள். "நாளைக்குன்னு விட்டிருந்தா இவங்க இருந்திருக்க மாட்டாங்க" என்றார் டியூட்டி டாக்டர். அதை அவர் சாதாரணமாக, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

மூன்றாம் நாள் அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஃபேனைப் பார்த்தபடி, "கட்டில்ல கெடந்தப்ப நீ சொன்னது காதுல விழுந்துச்சு. அன்னிக்கு அவங்க பொண்ணு பார்க்க வந்தப்ப நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். 'ஆமா'ன்னு நீதான் சொன்னே" என்றாள்.

"ஆமா."

"அம்மா சொல்லியிருந்தா எனக்கு ஆச்சரியமா இருந்திருக்காது. நீ தினம் ஊசி போட்டுக்கறவக்கா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "பீரோவுல இருக்கற என் தாளை எடுத்துகினு வா" என்றாள். அம்மாவிடம் சாவியைப் பிடுங்கி, நாப்தலின் வாசனை அடிக்கும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை இன்னும் வைத்திருக்கிறாள். நான்கைந்து மாதம் அம்மா வீட்டில் இருந்தாள். பிறகு அவள் புருஷன் தனி வீடு பார்த்துவிட்டு வந்து அழைத்துப் போனார். அம்மாவோடு நான் பேசுகிறேன், என்ன செய்வது. ஆனால் அவள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட எனக்கு இன்றைக்கும் வாய் கூசும்.

தங்கை என்னோடும் பேசுகிறாள், சிரிக்கிறாள், என் மகளைத் தன் மகள் மாதிரி வைத்துக்கொள்கிறாள். இருவரும் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போவோம். அவளுக்கு இப்போது தனிக் கார்டு. என் மகளுக்கு ஆறு வயது முடிந்தபோது அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். என் எண், பக்கத்தில் சி. அவளுடைய சித்திதான் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஊசிக்குப் பயப்படவில்லை, குடும்பத்தில் இருவர் தினமும் போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள்.

சில வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம், மூன்று பேரும். அதே தங்கவயல் சிஸ்டர். தலை நரைத்திருந்தது. கவரை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டினேன். நடுவில் தங்கையின் கை வந்தது.

"அவ கையில குடுக்காதீங்க சிஸ்டர்."

கோபமாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்வதைப் போலச் சொன்னாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

தங்கை கவரைப் பிரித்து, குழந்தையின் எதிரில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். "இது நெகட்டிவ். இதுவும் நெகட்டிவ். சர்க்கரை நார்மல். இப்போதைக்கு உனக்கு இல்ல. எப்பவுமே வராதுன்னு அர்த்தம் இல்ல, அப்பப்ப திரும்பப் பார்க்கணும். புரியுதா?"

குழந்தை தலையாட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நெஜமாவா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மாவைக் கேக்காத கண்ணு. இந்தா, நீயே படி."

என் மகள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.